வேலை மாறலாமா, வேண்டாமா: அட்டவணை போட்டு முடிவெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெசிஷன் மேட்ரிக்ஸ் போடு என்கிறார்கள். அதில் சரியாக என்னதான் செய்ய வேண்டும்?

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடது ஓரத்தில் உங்களுக்கு எவையெல்லாம் முக்கியமோ அவற்றை வரிசைக்கு ஒன்றாக எழுதுங்கள். மேலே, கையில் இருக்கும் வாய்ப்புகளைப் பத்திக்கு ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எடை கொடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும், அந்த விஷயத்தில் அந்த வாய்ப்பு எப்படி என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். மதிப்பெண்ணை எடையால் பெருக்கி, பத்தி பத்தியாகக் கூட்டினால் ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு மொத்தம் கிடைக்கும்.

கணக்கு இவ்வளவுதான், பள்ளிப் பிள்ளைகூடப் போட்டுவிடும். பெரும்பாலானோர் தவறுவது எடை போடும் இடத்தில். அதனால் இந்தப் பக்கத்தில் அதற்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

நன்மை ஒரு பக்கம், தீமை ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தால் போதாதா?

இரண்டே வாய்ப்புகள் இருந்தால் ஓரளவு போதும். இந்த முறைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு, அதுவும் ஒரு வேலை விஷயத்தில்தான். 1772 செப்டம்பரில் ஆங்கிலேய அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவிடம் பணிக்குச் சேரலாமா என்று அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளினிடம் யோசனை கேட்டார். எதைச் செய்வது என்று தன்னால் சொல்ல முடியாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்று பதில் எழுதினார் பிராங்கிளின். தாளை இரண்டாகப் பிரித்து, மூன்று நான்கு நாட்கள் தோன்றுவதையெல்லாம் இரு பக்கமும் குறித்துக்கொண்டு, பிறகு சம எடை உள்ளவற்றை எதிரெதிராக அடித்துக்கொண்டே வந்தால், மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியும் என்பது அவர் சொன்ன வழி. பிரீஸ்ட்லி அந்த வேலையில் சேர்ந்தார். ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த சோதனையை 1774இல் அங்கே இருக்கும்போதுதான் செய்தார்.

பிராங்கிளினே வெறும் எண்ணிக்கையை நம்பவில்லை, எடையைப் பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். வாய்ப்புகள் மூன்று, நான்கு என்று போகும்போது எதிரெதிராக அடிக்கும் வேலை நடக்காது. ஒரு வேலைக்கு நன்மையாக எழுதியதை அடுத்த வேலைக்கு யோசிக்கவே மறந்துவிடுவோம். அட்டவணையில் எல்லா வாய்ப்பும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதன் பெரிய பயன் அதுதான்.

எனக்கு எது முக்கியம் என்றே தெளிவாகத் தெரியவில்லை. வரிசைகளை எங்கிருந்து எடுப்பது?

சுதந்திரம், வளர்ச்சி, நேர்மை, சமநிலை என்று அச்சடித்த பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். எல்லாமே நல்ல சொற்கள் என்பதால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவோம்.

வாய்ப்புகளை இரண்டிரண்டாக எடுத்து, "இதைவிட அது எதில் மேல்?" என்று கேளுங்கள். வரும் பதில் ஒவ்வொன்றும் ஒரு வரிசைக்கான விதை. பிறகு, கடந்த சில மாதங்களில் எந்த நாள் வேலை முடிந்து மனநிறைவோடு கிளம்பினீர்கள், எந்த நாள் எரிச்சலோடு கிளம்பினீர்கள் என்று பாருங்கள். அந்த நாட்களுக்குள் இருந்த வித்தியாசம் எதுவோ அதையும் சேருங்கள்.

கிடைத்ததை அப்படியே விடாமல், அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள். "குடும்பத்துக்கு நேரம்" என்பதை "வாரத்தில் எத்தனை நாள் மாலை ஏழு மணிக்குள் வீட்டில் இருப்பேன்" என்று மாற்றினால் பதில் சொல்ல முடியும். "வளர்ச்சி" என்பதை "நான் தேர்ச்சி பெற விரும்பும் வேலையில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம்" என்று மாற்றலாம். இப்படி மாற்றவே முடியாத வரிசை ஒன்று இருந்தால், அது உங்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதை நீங்கள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

ஒரே விஷயம் வேறு வேறு பெயரில் வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சம்பளம், கடன் அடைக்கும் வசதி, சேமிப்பு என்று மூன்று வரிசை போட்டால் பணத்துக்கு மூன்று ஓட்டு விழும். ஒவ்வொரு வரிசையிடமும் "இது ஏன் வேண்டும்?" என்று கேளுங்கள். பதில் பட்டியலில் உள்ள இன்னொரு வரிசையாக இருந்தால், இரண்டில் ஒன்றை அடித்துவிடலாம். நான்கிலிருந்து ஏழு வரிசைகள் போதும் என்பது என் கருத்து.

சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கவே முடியாது. அவற்றுக்கு மிக அதிக எடை போட்டுவிடலாமா?

வேண்டாம். இந்தக் கணக்கில் ஒரு வரிசையில் வாங்கிய பூஜ்யத்தை மற்ற வரிசைகள் ஈடுகட்டிவிடும். மாதச் செலவுக்கே போதாத சம்பளம் உள்ள வேலைகூட, மற்றதெல்லாம் பிரமாதமாக இருந்தால் முதலிடம் பிடிக்கும். ஆகவே கட்டாயம் வேண்டியதை அட்டவணைக்கு முன்னால் வாசல் நிபந்தனையாக வையுங்கள்: மாதச் செலவுக்குக் குறையாத வருமானம், குறிப்பிட்ட ஊரைவிட்டுப் போக முடியாது என்பது போன்றவை. அதைத் தாண்டாத வாய்ப்பு அட்டவணைக்குள் வரவே கூடாது. நிபந்தனை இரண்டு மூன்றுக்கு மேல் போனால் மட்டும் நின்று யோசியுங்கள். ஆசைகளை நிபந்தனையாக எழுதிவிட்டோமோ என்று சந்தேகிக்க வேண்டிய இடம் அது.

மதிப்பெண் போடும்போது எல்லாவற்றுக்கும் 7, 8 என்றே வருகிறது. எப்படிப் போடுவது?

ஒவ்வொரு வரிசையிலும், கையில் உள்ள வாய்ப்புகளுக்குள் மிக மோசமானதற்கு 0, மிகச் சிறந்ததற்கு 10 கொடுங்கள். நடுவில் உள்ளவை அளவுக்கேற்ப நடுவில் விழும். 0 என்றால் அது கெட்டது என்று பொருள் அல்ல. இந்தக் கூட்டத்தில் அது கடைசி, அவ்வளவுதான்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்தே மீதிக் கேள்விகளையும் பார்த்துவிடலாம். ஒரு சிவில் இன்ஜினியர். கட்டுமான நிறுவனத்தில் இருக்கிறார், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய். முன்னால் மூன்று வழிகள்: இருக்கும் நிறுவனத்திலேயே பதவி உயர்வோடு தள மேலாளர் ஆவது, ஒரு சிறிய கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் சேர்வது, கல்லூரியில் ஆசிரியர் ஆவது. இன்றைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் வீட்டுச் செலவு 70. மூன்று வழிகளுமே அதைத் தாண்டுகின்றன, எனவே மூன்றும் அட்டவணைக்குள் வரலாம். அவர் சேகரித்த விவரங்கள் இவை:

| | தள மேலாளர் | வடிவமைப்பு அலுவலகம் | கல்லூரி |
|---|---|---|---|
| வீட்டில் இருக்கும் மாலைகள் (வாரத்துக்கு) | 1 | 4 | 5 |
| வடிவமைப்பு வேலை (வாரத்துக்கு மணி நேரம்) | 5 | 25 | 8 |
| வருமானம் (இன்று = 100) | 130 | 90 | 80 |
| வேலை நிலைக்கும் உறுதி | நடுத்தரம் | குறைவு | அதிகம் |

மாலை வரிசையில் 1 என்பது 0 மதிப்பெண், 5 என்பது 10. நடுவில் உள்ள 4க்கு 7.5. வடிவமைப்பு வரிசையில் 5 மணி நேரத்துக்கு 0, 25க்கு 10. கல்லூரியின் 8 மணி நேரம் அந்த 20 மணி இடைவெளியில் மூன்றே படி ஏறியிருப்பதால் 1.5. வருமானத்தில் வரிசையாக 10, 2, 0. கடைசி வரிசைக்கு அளவுகோல் இல்லை. அவர் தன் மதிப்பீட்டில் 6, 0, 10 என்று போடுகிறார். அப்படிப் போடுவதில் தவறில்லை, எதை வைத்துப் போட்டோம் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

எடை எப்படிப் போடுவது? எனக்குச் சம்பளம்தான் முக்கியம், அதற்கு அதிகம் போடலாமா?

"சம்பளம் முக்கியமா?" என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அட்டவணையில் எடை பதில் சொல்ல வேண்டிய கேள்வி அதுவல்ல. இந்த வாய்ப்புகளுக்குள் சம்பளம் எவ்வளவு மாறுகிறது, அந்த மாற்றம் எனக்கு எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. மூன்று வேலையிலும் ஒரே சம்பளம் என்றால், பணம் உயிர்மூச்சாகவே இருந்தாலும் அந்த வரிசைக்கு இங்கே வேலையில்லை.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. முடிவுப் பகுப்பாய்வில் இதை ஸ்விங் வெயிட்டிங் என்பார்கள். எல்லா வரிசையிலும் கடைசியில் நிற்கும் ஒரு வேலையைக் கற்பனை செய்யுங்கள். நம் இன்ஜினியருக்கு அது இப்படி இருக்கும்: வாரத்தில் ஒரே மாலைதான் வீட்டில், வடிவமைப்பு வேலை 5 மணி நேரம், வருமானம் 80, உறுதியும் இல்லை. இப்போது இவற்றில் ஒன்றை மட்டும் மேல் எல்லைக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றால் எதை ஏற்றுவீர்கள்? அவர் யோசித்து, "மாலை ஒன்றை ஐந்தாக்குவேன்" என்கிறார். அதற்கு எடை 100. அடுத்து எது? வடிவமைப்பு 5 மணி நேரத்திலிருந்து 25 ஆவது. முதலாவது தந்த நிம்மதி 100 என்றால் இது எவ்வளவு? 80 என்கிறார். வருமானம் 80இலிருந்து 130 ஆவதற்கு 60. வேலை உறுதிக்கு 40.

| | எடை | தள மேலாளர் | வடிவமைப்பு அலுவலகம் | கல்லூரி |
|---|---|---|---|---|
| மாலைகள் | 100 | 0 | 7.5 | 10 |
| வடிவமைப்பு வேலை | 80 | 0 | 10 | 1.5 |
| வருமானம் | 60 | 10 | 2 | 0 |
| உறுதி | 40 | 6 | 0 | 10 |
| மொத்தம் | | 840 | 1670 | 1520 |

இதே ஆள், இந்த இடைவெளிகளைப் பார்க்காமல், பொதுவாக எது பெரிது என்ற எண்ணத்தில் வருமானம் 100, மாலைகள் 80, உறுதி 60, வடிவமைப்பு 50 என்று போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தள மேலாளர் 1360, வடிவமைப்பு அலுவலகம் 1300, கல்லூரி 1475. கடைசியில் கிடந்த தள மேலாளர் வேலை இரண்டாம் இடத்துக்கு ஏறுகிறது; முதலிடத்தில் இருந்தது கடைசிக்கு இறங்குகிறது. வருமானம் இல்லாமல் வாழ முடியாது என்ற உண்மை, வீட்டுச் செலவைத் தாண்டிய பிறகு வரும் கூடுதல் பணத்தின் எடையாக உருமாறிவிட்டது. இந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் போட்ட எண்கள் எல்லாம் நியாயமாகத்தான் தோன்றும். உங்கள் அட்டவணையில் இது நடந்திருக்கிறதா என்று அறிய, எடைக்குப் பக்கத்தில் "எதிலிருந்து எதுவரை" என்று எழுதிப் பாருங்கள். அதை எழுதியதும் எடையை மாற்றத் தோன்றினால், முதலில் போட்டது பொதுவான எண்ணத்தில் போட்ட எடை.

பின்னால் புதிதாக ஒரு வாய்ப்பு வந்து ஏதாவது ஒரு வரிசையின் எல்லையை நீட்டினால், அந்த வரிசையின் மதிப்பெண்களையும் எடையையும் மறுபடி பார்க்க வேண்டும். பழைய எடையை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது.

1670, 1520 என்று வந்துவிட்டது. அப்படியானால் வடிவமைப்பு அலுவலகம்தானே முடிவு?

தள மேலாளர் வேலை போட்டியில் இல்லை என்பதை இந்த எண்கள் உறுதியாகச் சொல்கின்றன. 840க்கும் 1520க்கும் உள்ள தூரத்தைச் சின்னச் சின்னத் திருத்தங்களால் கடக்க முடியாது. முதல் இரண்டுக்கும் நடுவில் உள்ள 150 அப்படி இல்லை. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

எது மாறினால் விடை மாறும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உறுதியின் எடை 40இலிருந்து 55 ஆனால் இரண்டும் சமம். வடிவமைப்பின் எடை 80இலிருந்து ஏறத்தாழ 62க்கு இறங்கினாலும் சமம். இவை அவர் மனதுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டியவை.

வெளியே போய்க் கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் இங்கே முக்கியம். வாரத்துக்கு 25 மணி நேரம் வடிவமைப்பு என்பது நேர்காணலில் அந்த அலுவலகத்தின் உரிமையாளர் சொன்ன எண். அது 20 ஆக இருந்தால் அதே அளவுகோலில் மதிப்பெண் 7.5, மொத்தம் 1470. கல்லூரி முந்திவிடும். ஏறத்தாழ 21 மணி நேரத்தில் தராசு திரும்புகிறது. ஆகவே அவர் இப்போது செய்ய வேண்டியது, அங்கே வேலை செய்யும் இரண்டு பொறியாளர்களிடம் பேசி, "போன வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை என்னென்ன செய்தீர்கள்?" என்று நாள் நாளாகக் கேட்பது. "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வாடிக்கையாளர் சந்திப்பு, தளப் பார்வை, விலைப்புள்ளி தயாரிப்பு எல்லாம் போக உண்மையில் வடிவமைப்புக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்பது நாள் கணக்கில் கேட்டால்தான் வெளியே வரும்.

எடை 80ஆ 75ஆ என்று மண்டையைக் குழப்பிக்கொள்கிறேன். இவ்வளவு துல்லியம் தேவையா?

தேவையில்லை. ராபின் டாஸ் என்ற உளவியலாளர் 1979இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில், சரியான காரணிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டால், எல்லாவற்றுக்கும் சம எடை கொடுத்த எளிய கூட்டல்கூட நிபுணரின் ஒட்டுமொத்த ஊகத்தைவிட நன்றாகக் கணிக்கிறது என்று காட்டினார். அவர் பேசியது கணிப்புகளைப் பற்றி, சொந்த விருப்பங்களைப் பற்றி அல்ல. அதனால் அப்படியே இங்கே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்: எந்த வரிசைகள் உள்ளே இருக்கின்றன என்பதற்குச் செலவிடும் யோசனை, எண்ணை நுணுக்கமாகத் திருத்துவதைவிட அதிகப் பலன் தரும். பத்துப் பத்தாக எடை போட்டால் போதும். சம எடை போட்டும் ஒரு முறை கூட்டிப் பாருங்கள். அப்போதும் அதே வாய்ப்பு முதலில் வந்தால் எடையைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம்.

விடை வந்ததும் மனசு ஒப்பவில்லை. எண்ணை மாற்றினால் அது ஏமாற்று வேலைதானே?

மொத்தத்தைப் பார்த்த பிறகு எடையைத் திருத்தினால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் கணக்கு எழுதுகிறீர்கள். அதைத் தவிர்க்க, எடைகளை முதலில் எழுதித் தேதி போட்டுவிடுங்கள். மதிப்பெண்களை வாய்ப்பு வாய்ப்பாக அல்லாமல் வரிசை வரிசையாகப் போடுங்கள். ஒரே வேலையின் பத்தியை மேலிருந்து கீழ்வரை நிரப்பினால், பிடித்த வேலைக்கு எல்லாக் கட்டத்திலும் தாராளமாகக் கை போகும்.

அதற்காக மனசு சொல்வதை ஒதுக்கவும் வேண்டாம். ஏமாற்றமாக இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு வரிசை விடுபட்டிருக்கும். அதற்குப் பெயர் வைக்க முயலுங்கள். நம் இன்ஜினியர் கல்லூரி முதலிடம் வந்தால் வருந்துவார் என்றால், "தன் கையால் உருவான கட்டடம் எழுந்து நிற்பதைப் பார்ப்பது" என்ற வரிசை விடுபட்டிருக்கலாம். பெயர் வைக்க முடிந்தால் புதிய வரிசையாகச் சேர்த்து, மூன்று வாய்ப்புக்கும் மதிப்பெண் போட்டு, எடையையும் முன்பு சொன்ன முறையிலேயே போடுங்கள். இரண்டு மூன்று நாட்கள் யோசித்தும் பெயர் வைக்க முடியவில்லை என்றால், அது பெரும்பாலும் புதியதைக் கண்டு வரும் பயமாகவோ, யாருக்காவது பதில் சொல்ல வேண்டுமே என்ற தயக்கமாகவோ இருக்கும்.

அந்தச் சின்ன அலுவலகம் இரண்டு வருடத்தில் மூடிவிட்டால்? அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

ஒரே பத்தியை இரண்டாகப் பிரியுங்கள்: "நன்றாக நடந்தால்", "மூடிவிட்டால்". இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். அப்படிச் செய்யும்போது உறுதிக்கென்று இருந்த தனி வரிசையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஆபத்தை இருமுறை எண்ணுவோம். மோசமான பத்தி, வாசலில் வைத்த நிபந்தனையையே உடைக்கிறதா என்று பாருங்கள். சில மாதம் வருமானம் நின்றால் சேமிப்பு தாங்குமா என்பதற்குப் பதில் இருந்தால், மூடிவிடுமோ என்ற பயம் அளவோடு நிற்கும்.

இன்னும் உறுதியாகாத வேலையில் "கிடைக்கும் வாய்ப்பு" என்று ஒரு வரிசை போடாதீர்கள். கிடைத்துவிட்டது என்று வைத்தே மதிப்பெண் போடுங்கள். விண்ணப்பிக்கலாமா என்பது வேறு முடிவு, அதற்கு ஆகும் செலவும் நேரமும் தனி.

எக்செலில் போடுவது எப்படி?

A பத்தியில் வரிசைகளின் பெயர், B பத்தியில் எடை, C முதல் E வரை மூன்று வாய்ப்புகள். நான்கு வரிசைகள் 2 முதல் 5 வரை இருந்தால் C6 கட்டத்தில் இதை எழுதி வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்:

```
=SUMPRODUCT($B$2:$B$5,C2:C5)/SUM($B$2:$B$5)
```

மொத்த எடையால் வகுப்பதால் விடை 10க்குள் வரும். மேலே உள்ள கணக்கில் 3.0, 5.96, 5.43. வரிசைமுறை மாறாது. எல்லா மதிப்பெண்ணும் போட்டு முடியும்வரை ஆறாவது வரியை மறைத்து வைத்திருங்கள்.

என் கணவரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும். இருவரும் ஒரே அட்டவணை போடலாமா?

வரிசைகளையும் விவரங்களையும் சேர்ந்து எழுதுங்கள், எடையை மட்டும் ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாகப் போடுங்கள். பிறகு சராசரி எடுக்காதீர்கள். வருமானத்துக்கு ஒருவர் 100, மற்றவர் 30 என்றால், 65 என்பது இருவருடைய எண்ணமும் அல்ல. இரண்டு தாளிலும் ஒரே வாய்ப்பு முதலில் வந்தால் எடையில் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டிய தேவையே இல்லை. வேறு வேறாக வந்தால், அதிக இடைவெளி உள்ள ஒரு வரிசையை மட்டும் எடுத்து, "80இலிருந்து 130க்குப் போனால் அந்தப் பணத்தை எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் ஒரு குறிப்பிட்ட செலவாக, உதாரணமாகப் பெற்றோரின் மருத்துவச் செலவாக இருந்தால், அந்தத் தொகையை 70 என்று எழுதிய வீட்டுச் செலவோடு கூட்டி, மூன்று வாய்ப்பும் இன்னும் வாசலைத் தாண்டுகின்றனவா என்று முதலிலிருந்து பாருங்கள்.